வீல்சேர் கூடைப்பந்து: நாற்காலிகள் மோதினால் எப்போது ஃபவுல், எப்போது இல்லை?

கேள்வி: எங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் இந்த வருடம் வீல்சேர் கூடைப்பந்து காட்சி ஆட்டம் ஒன்று நடக்கப் போகிறது. ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதுவரை இதைப் பார்த்ததே இல்லை. சாதா கூடைப்பந்து ஓரளவு தெரியும். ஒரு வீடியோ போட்டுக் காட்டினேன். "சார், இவ்வளவு சத்தமாக மோதுகிறார்கள், விசிலே ஊதவில்லையே? அப்புறம் லேசாகப் பட்டதுக்குப் போய் ஊதுகிறாரே?" என்று எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை. விதிகளோடு சேர்த்து விளக்குவீர்களா?

பதில்:

உங்கள் பிள்ளைகள் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள். மோதலின் சத்தத்துக்கும் ஃபவுலுக்கும் சம்பந்தமே இல்லை. நடுவர் சத்தத்தைக் கேட்டு ஊதுவதில்லை. அந்த இடத்துக்கு யார் முதலில் வந்தார் என்று பார்த்து ஊதுகிறார்.

அடிப்படை விதி ஒன்றுதான்: நாற்காலி, அதில் உட்கார்ந்திருப்பவரின் உடம்பில் ஒரு பகுதி. சாதா கூடைப்பந்தில் எதிராளியைத் தோளால் இடித்தால் என்ன தீர்ப்போ, இங்கே நாற்காலியின் முன்கம்பியால் இடித்தாலும் அதே தீர்ப்பு. கோட்டுக்கு வெளியே கால் பட்டால் பந்து அவுட் என்பதுபோல, இங்கே சக்கரம் கோட்டில் பட்டாலே அவுட். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற விதிகளில் பாதிக்கு மேல் தானாகவே புரிந்துவிடும்.

முதலில், எதெல்லாம் மாறவில்லை என்று சொல்லிவிடுகிறேன். மைதானம் அதே 28 மீட்டருக்கு 15 மீட்டர். வளையமும் அதே 3.05 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, ஒரு சென்டிமீட்டர்கூடக் குறைக்கவில்லை. பக்கத்துக்கு ஐந்து பேர், பத்துப் பத்து நிமிடமாக நான்கு கால் பகுதிகள். பந்து கைக்கு வந்ததும் 24 வினாடிக்குள் வளையத்துக்கு எறிய வேண்டும், 8 வினாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். ஐந்து ஃபவுல் வாங்கினால் வெளியே. இரண்டாம் உலகப்போரில் காயம்பட்டுத் திரும்பிய அமெரிக்க வீரர்கள் 1946 வாக்கில் இந்த ஆட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்களில் பலர் ஏற்கெனவே கூடைப்பந்து ஆடிப் பழகியவர்கள். வளையத்தை இறக்கி வைக்க யாருக்கும் தோன்றாததில் ஆச்சரியமில்லை.

மாறிய விதிகளில் பிள்ளைகள் முதலில் கவனிக்கப் போவது டிரிபிளைத்தான். ஓடும் ஆட்டத்தில் பந்தைத் தட்டாமல் நடந்தால் டிராவலிங். இங்கே நடை இல்லை, சக்கரத்தைத் தள்ளுவதுதான் இருக்கிறது. பந்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு முறை தள்ளலாம். மூன்றாவது முறை தள்ளுவதற்குள் பந்தைத் தரையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் பாஸ் கொடுக்க வேண்டும், அல்லது வளையத்துக்கு எறிய வேண்டும். தட்டிவிட்டால் மறுபடி மடியில் வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு தள்ளல். இப்படியே மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் போகலாம். அதனால் சாதா ஆட்டத்தில் பிள்ளைகளுக்குத் தெரிந்த 'டபுள் டிரிபிள்' என்ற தப்பு இங்கே கிடையாது.

பிள்ளைகளைச் சத்தமாக எண்ணச் சொல்லுங்கள்: தள்ளு, தள்ளு, தட்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தள்ளினால் அது ஒன்று என்றே கணக்கு. இரண்டு முறை தள்ளிவிட்டுக் கையை எடுத்துவிட்டால், நாற்காலி அந்த வேகத்திலேயே எவ்வளவு தூரம் உருண்டாலும் குற்றமில்லை. "சார், மூணு செகண்டா பந்து மடியிலேயே இருக்கே!" என்று யாராவது கத்துவார்கள். உருள்வது தள்ளல் ஆகாது. ஆனால் பந்தை வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நாற்காலியைத் திருப்பச் சக்கரத்தைப் பிடித்துச் சுழற்றினால் அது கணக்கில் சேரும். புதிதாக ஆடுகிறவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். இரண்டு தள்ளு தள்ளி வந்து, எதிராளியைப் பார்த்ததும் பதறி நாற்காலியைத் திருப்புவார்கள், விசில் வந்துவிடும்.

இனி நாற்காலிக்கு வருவோம். அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று தெரியாமல் மோதலைப் புரிந்துகொள்ள முடியாது. காட்சி ஆட்டத்துக்கு வரும் வீரர்களிடம் கேட்டு, ஆட்டத்துக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் பிள்ளைகள் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். மூன்று விஷயங்களைக் காட்டினால் போதும்.

ஒன்று, பெரிய சக்கரங்கள் நேராக நிற்காது. மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, கீழ்ப்பக்கம் வெளியே விரிந்திருக்கும். சட்டென்று திரும்புவதற்கும், பக்கவாட்டில் இடிபட்டால் கவிழாமல் இருப்பதற்கும் இந்தச் சாய்வு வேண்டும். இன்னொரு காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. இரண்டு நாற்காலிகள் பக்கத்தில் பக்கத்தில் உரசும்போது தரையை ஒட்டிய அடிப்பக்கம்தான் முதலில் முட்டும். தள்ளுகிற கை இருப்பது மேலே, அங்கே இடைவெளி இருக்கும். சக்கரம் நேராக இருந்தால் ஒவ்வொரு உரசலிலும் விரல் முட்டி பெயர்ந்திருக்கும்.

இரண்டு, முன்னால் பாதத்தைச் சுற்றி வளைந்து போகும் கம்பி. பம்பர் என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும். மோதலைத் தாங்குவது இதுதான். இது தரையிலிருந்து 11 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. எல்லா நாற்காலிக்கும் ஒரே உயரம் என்று வைத்திருப்பதால்தான் கம்பியும் கம்பியும் நேருக்கு நேர் முட்டுகின்றன, அந்தப் பெரிய சத்தம் வருகிறது. ஒருவருடைய கம்பி உயரமாகவும் இன்னொருவருடையது தாழ்வாகவும் இருந்தால் சத்தம் குறையும், ஆனால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி எதிராளியின் காலில் போய் இடிக்கும். ஆக, இரும்பும் இரும்பும் மோதுகிற சத்தம் கேட்கிறதென்றால், மோத வேண்டிய இடத்தில் மோதியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று, பின்பக்கம் தரையை ஒட்டினாற்போல் ஒரு குட்டிச் சக்கரம். நாற்காலி மல்லாக்கச் சாயாமல் தாங்குவதற்கு. பிரேக், கியர் எதுவும் கிடையாது, வைக்கவும் கூடாது. நிறுத்துவதும் திருப்புவதும் கையால்தான். மோதல் விதியைப் புரிந்துகொள்ள இந்தக் கடைசி விஷயம் முக்கியம்: முழு வேகத்தில் வரும் நாற்காலி நினைத்த இடத்தில் நிற்காது.

சரி, இப்போது விசிலுக்கு வருவோம்.

ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் ஒரு பாதை இருக்கிறது, அது போய்க்கொண்டிருக்கும் திசையில். அந்தப் பாதையில் யார் வேண்டுமானாலும் வந்து குறுக்கே நிற்கலாம். அது தப்பே இல்லை, பார்க்கப்போனால் தடுப்பாட்டமே அதுதான். ஆனால் இரண்டு நிபந்தனைகள். எதிராளி வந்து சேருவதற்கு முன்பே அங்கே போய்விட வேண்டும். வருகிறவர் நிற்பதற்கோ விலகுவதற்கோ இடம் விட்டிருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் மோதலுக்கு வந்து இடித்தவர் பொறுப்பு. இரண்டில் ஒன்று குறைந்தால் குறுக்கே புகுந்தவர் பொறுப்பு. தெருமுனையில் இரண்டு வண்டிகள் முட்டிக்கொண்டால் ஊர்ச்சனம் கூடி "யார் முதல்ல உள்ள வந்தது?" என்றுதானே கேட்கும்? நடுவர் கேட்பதும் அதையேதான், என்ன, அவருக்கு அரை வினாடி மட்டும் கிடைக்கும்.

இதில் பார்வையாளர்கள் ஏமாறும் ஓர் இடம் உண்டு. நம் கண் தானாகவே இடித்தவரைத்தான் குற்றவாளியாகப் பார்க்கும். முன்கம்பியால் போய் முட்டியது யார், பக்கவாட்டில் இடி வாங்கியது யார் என்று பார்த்துவிட்டு, முட்டியவர் மேல்தான் தப்பு என்று முடிவு கட்டிவிடுவோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் வேகமாக வருகிறவரின் முன்னால், கடைசி நொடியில், ஒரு மீட்டர் இடம்கூட விடாமல் ஒருவர் நாற்காலியைத் திணித்தால், இடி வாங்கியது அவராக இருந்தாலும் ஃபவுல் அவருக்குத்தான். அதனால் மோதிய நொடியைப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. அதற்கு முந்தைய இரண்டு வினாடியைப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரே வழி, பந்தை விட்டுவிட்டுச் சக்கரங்களைப் பார்ப்பது. பிள்ளைகளுக்கு இது கஷ்டமாக இருக்கும், எல்லார் கண்ணும் பந்தின் பின்னாலேயே ஓடும். ஒரு கால் பகுதி முழுக்கப் பந்தில்லாத ஒரே ஒரு வீரரை மட்டும் பார்க்கச் சொல்லிப் பாருங்கள். ஆட்டம் வேறு மாதிரி தெரியும்.

அப்படியானால் அவர்கள் வீடியோவில் பார்த்த விசிலில்லாத மோதல்கள் எல்லாம்? அவற்றில் பல, இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போட்டி போட்டதால் வந்தவை. இருவருக்கும் சம உரிமை, இருவரும் முட்டிக்கொண்டார்கள், யாருக்கும் ஆதாயம் இல்லை, ஆட்டம் தொடர்கிறது. சக்கரத்தோடு சக்கரம் உரசிக்கொண்டு இணையாகப் போவதும் அப்படித்தான். இன்னும் சில, ஏற்கெனவே நிற்கிற நாற்காலியில் வந்து முட்டி, முட்டியவரே நின்றுபோனவை. நின்றவருக்கு நஷ்டமில்லை, முட்டியவர் ஒன்றும் சாதிக்கவில்லை, அதற்கு எதற்கு விசில்? இதற்கு எதிர்ப்பக்கம், பிள்ளைகள் சொன்ன அந்த 'லேசான' தொடல். வளையத்தை நோக்கிப் போகிறவரின் பெரிய சக்கரத்தில், பின்பக்கமிருந்து, கம்பியின் முனையால் ஒரு சின்னத் தட்டு. சத்தமே வராது. ஆனால் அந்த நாற்காலி அரை வட்டம் அடித்து வேறு திசையைப் பார்த்து நிற்கும். ஆளுடைய போக்கையே கெடுத்துவிட்டதால் அது ஃபவுல்.

இப்போது ஓர் ஆட்டத்தின் நடுவிலிருந்து ஒரு காட்சியை எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். இந்த ஆட்டத்துக்கே உரிய ஓர் உத்தியை இதில் பார்க்கலாம். ஆங்கிலத்தில் 'பேக் பிக்' என்பார்கள், நம் ஆட்கள் பெரும்பாலும் 'பிக்' என்றே சொல்வார்கள். எதிரணியின் பெரிய ஆள் ஒருவரைத் தன் கோட்டைக்குத் திரும்பவிடாமல் மைதானத்தின் மறுபாதியிலேயே மடக்கிப் போடுவது.

அதற்கு முன்னால் புள்ளிக் கணக்கு கொஞ்சம் தெரிய வேண்டும். ஒவ்வொரு வீரருக்கும் அவருடைய உடலியக்கத்தைப் பொறுத்து 1.0 முதல் 4.5 வரை ஒரு புள்ளி, அரை அரையாக ஏறும். முதுகுத்தண்டு அடிபட்டு, நெஞ்சுக்குக் கீழே இடுப்பைத் தாங்கும் தசைகள் வேலை செய்யாதவர் 1.0. அவரால் கையூன்றாமல் முன்னால் குனிந்து நிமிர முடியாது. முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லாதவர் 4.5 ஆக இருக்கலாம். இடுப்பும் முதுகும் முழுசாக வேலை செய்வதால் எந்தப் பக்கமும் சாய்ந்து எட்டிப் பந்தைப் பிடிப்பார். மைதானத்தில் ஒரே நேரத்தில் இருக்கும் ஐந்து பேரின் கூட்டுத்தொகை 14ஐத் தாண்டக் கூடாது. 4.5, 4.0, 2.5, 2.0, 1.0 என்று நிறுத்தினால் சரியாக 14. ஐந்து பேரையும் 4.5 ஆகவே இறக்கலாம் என்றால் 22.5 வந்துவிடும், முடியாது. மீறி இறக்கினால் பயிற்சியாளர் மீது டெக்னிக்கல் ஃபவுல். இந்த 14 தான் ஒவ்வோர் அணியிலும் 1.0, 1.5 வீரர்களுக்கு இடம் பிடித்துத் தருகிறது. இடம் கிடைத்ததும் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

நீல அணி வளையத்துக்கு எறிகிறது, பந்து உள்ளே போகவில்லை. மஞ்சள் அணியின் உயரமான ஆள் பந்தைப் பிடித்துவிடுகிறார். இனி மஞ்சள்தான் தாக்கும் அணி. நீல அணியில் ஐந்து பேரும் தங்கள் வளையத்தைக் காக்கத் திரும்பி ஓட வேண்டும். அவர்களில் முக்கியமானவர் ஒரு 4.5 ஆள், வளையத்துக்கு அடியில் அவர் நின்றால் யாரும் நெருங்க முடியாது. அவர் நாற்காலியைத் திருப்புகிறார். திருப்பி முடிப்பதற்குள் அவருக்கு முன்னால், குறுக்காக, மஞ்சள் அணியின் 1.0 வீரர் நாற்காலியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். நீலம் இன்னும் வேகம் எடுக்கவில்லை, நிற்க இடம் இருக்கிறது. முறையான தடுப்பு. இந்த நிலையில் நீலம் கோபத்தில் தள்ளிக்கொண்டு முன்னே போனால் ஃபவுல் நீலத்துக்கு.

நீலம் கொஞ்சம் பின்னால் எடுக்கிறார், வலப்பக்கம் வளைத்துப் போகலாம் என்று. 1.0 வீரரும் அதே பக்கம் நகர்கிறார். நகரக் கூடாதா? நகரலாம். நின்ற இடத்திலேயே கல் மாதிரி இருக்க வேண்டும் என்று விதி இல்லை. நீலத்தின் புதிய பாதையை நீலத்துக்கு முன்பே போய் மூடிவிட்டால் அதுவும் முறையானதே. நீலம் மறுபடி பின்னால் எடுக்கிறார், இந்த முறை இடப்பக்கம், வேகமாக. இங்கேதான் விஷயம் கூர்மையாகிறது. நீலத்தின் நாற்காலியின் முன்பாகம் 1.0 வீரரைத் தாண்டிவிட்டது, பாதை இப்போது நீலத்துடையது. 1.0 வீரர் விடாமல் தள்ளி வந்து, தன் முன்கம்பியை நீலத்தின் பெரிய சக்கரத்தில் பக்கவாட்டில் கொண்டுபோய் முட்டினால், ஃபவுல் மஞ்சளுக்கு. ஒரு வினாடிக்கு முன்னால் முறையாக இருந்த அதே தடுப்பு, எதிராளி தாண்டிப் போனதும் முறையற்றதாகிவிட்டது. நல்ல 1.0 வீரருக்கு இந்த எல்லை எங்கே என்று உடம்பிலேயே தெரியும். தாண்டிவிட்டார் என்றால் உடனே கையை எடுத்துவிடுவார், விட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார்.

இந்த இழுபறி ஐந்தாறு வினாடி நடந்தால் போதும். அந்த நேரத்தில் மறுகோடியில் மஞ்சள் நான்கு பேர், நீலம் நான்கு பேர். ஆளுக்கு ஆள் சமம்தானே என்று தோன்றும். ஆனால் மஞ்சள் இழந்திருப்பது ஒரு 1.0 வீரரை, நீலம் இழந்திருப்பது ஒரு 4.5 வீரரை. வளையத்துக்கு அடியில் மஞ்சளின் உயரமான ஆளைத் தடுக்க நீலத்தில் ஒரு குள்ளமான 2.0 வீரர் மட்டுமே மிச்சம். கூடை விழும். ஸ்கோர் ஷீட்டில் எறிந்தவர் கணக்கில் இரண்டு புள்ளி ஏறும். நாற்பது அடி பின்னால் நின்று அதைச் செய்து கொடுத்தவர் கணக்கில் எதுவும் ஏறாது. இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்த காட்சி எது என்று கேட்டால் தூரத்திலிருந்து விழும் மூன்று புள்ளிக் கூடையைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

இந்த இழுபறியின்போது நீங்கள் கையையும் கவனிக்க வேண்டும். எதிராளியின் நாற்காலியைக் கையால் பிடிப்பது, சக்கரத்தைப் பற்றுவது, முதுகுப்பக்கத் துணியை இழுப்பது எல்லாம் ஃபவுல். நாற்காலிதான் உடம்பு என்றோமே, அதனால் சக்கரத்தைப் பிடிப்பது ஆளைப் பிடித்து நிறுத்துவதற்குச் சமம். இரண்டு நாற்காலிகள் கம்பி சிக்கிக்கொண்டு பிரிய முடியாமல் நிற்பதும் உண்டு, அது தற்செயல் என்றால் ஒன்றும் இல்லை. கையால் பிடித்து வைத்திருக்கிறாரா, கம்பி சிக்கியிருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பது நடுவருக்குப் பெரிய தலைவலி. பந்தைப் பற்றிக் கவலைப்படாமல், வேகம் எடுத்து வந்து ஆளின் மேலேயே வேண்டுமென்று ஏற்றினால் அது சாதா ஃபவுலோடு நிற்காது. விளையாட்டுணர்வுக்கு மாறான ஃபவுல் என்று கடுமையாகத் தண்டிப்பார்கள்.

தண்டனைக் கணக்கு சாதா ஆட்டம் மாதிரியேதான். வளையத்துக்கு எறியும்போது ஃபவுல் பட்டால் ஃப்ரீ த்ரோ. மற்ற நேரத்தில் பக்கக்கோட்டிலிருந்து பந்து. ஒரு கால் பகுதிக்குள் ஓர் அணி நான்கு ஃபவுலைத் தாண்டிவிட்டால் அதற்கப்புறம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஃப்ரீ த்ரோ. ஃப்ரீ த்ரோ எறியும்போது ஒரு சின்ன விஷயத்தைப் பிள்ளைகள் கேட்பார்கள்: "சார், முன்சக்கரம் கோட்டைத் தாண்டியிருக்கே?" பரவாயில்லை. ஃப்ரீ த்ரோவுக்கும் மூன்று புள்ளி எறிதலுக்கும் பெரிய பின்சக்கரங்கள் கோட்டுக்குப் பின்னால் இருந்தால் போதும், முன்னால் உள்ள சின்னச் சக்கரம் தாண்டியிருக்கலாம். எறிபவர் உட்கார்ந்திருப்பது பின்சக்கரத்துக்கு மேலேதானே.

மோதலோடு சேர்ந்தே வருவது கவிழ்தல். முதல் தடவை பார்க்கும்போது பிள்ளைகள் "ஐயோ" என்பார்கள். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: இது சாதாரணம், ஓர் ஆட்டத்தில் பல முறை நடக்கும். பலர் இடுப்பையும் தொடையையும் வாரால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள், அதனால் விழுந்தால் நாற்காலியோடுதான் விழுவார்கள். விழுந்தவருக்கு ஆபத்து இல்லையென்றால் நடுவர் ஆட்டத்தை நிறுத்த மாட்டார். கூட்டம் மேலே வந்து ஏறும் இடத்தில் கிடந்தால் உடனே நிறுத்துவார். இடுப்பில் பலம் உள்ளவர்கள் ஒரு கையைத் தரையில் ஊன்றி, ஓர் உந்தில் தானே நிமிர்ந்துவிடுவார்கள், அதைப் பார்க்க வேண்டும். 1.0 வீரர் விழுந்தால் சக வீரர் வந்து பின்னாலிருந்து தூக்கி நிறுத்துவார். கவிழ்ந்தாலே எதிராளிக்கு ஃபவுல் என்று நினைத்துவிடக் கூடாது. எட்டாத பந்துக்கு எட்டி, தானே சாய்ந்து விழுவதுதான் அதிகம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படி விழுந்து உடம்பு தரையில் பட்டுவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

விழாமலேயே ஒரு பக்கச் சக்கரத்தைத் தூக்கி, மறுபக்கச் சக்கரத்தில் மட்டும் நின்று உயரம் எடுத்து எறிகிற ஆட்களும் உண்டு. அதற்கு அனுமதி உண்டு. ஆனால் இருக்கையை விட்டுப் பிட்டத்தைத் தூக்கி உயரம் எடுத்தால் டெக்னிக்கல் ஃபவுல். கால் வேலை செய்யும் 4.5 வீரருக்கு இது சுலபம், 1.0 வீரரால் கனவிலும் முடியாது. அந்த அநியாயத்தைத் தடுக்கத்தான் இந்த விதி. காலைத் தரையில் ஊன்றி நாற்காலியை நிறுத்துவதும் திருப்புவதும் கூடாது என்பதற்கும் இதே காரணம். இருக்கையின் உயரத்திலும் இந்த யோசனை இருக்கிறது: 3.0 வரையிலான வீரர்களுக்கு 63 சென்டிமீட்டர் வரை அனுமதி, 3.5 முதல் மேலே உள்ளவர்களுக்கு 58 தான்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. காட்சி ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் "நாங்களும் ஆடுகிறோம்" என்று குதிப்பார்கள். ஆடட்டும், நல்லதுதான். கனடாவில் உடல் குறைபாடு இல்லாதவர்களும் உள்நாட்டுப் போட்டிகளில் 4.5 புள்ளிக் கணக்கில் சேர்ந்து ஆடுகிறார்கள். ஆனால் பள்ளி மருத்துவ அறையில் இருக்கும் ஆஸ்பத்திரி வீல்சேரை மட்டும் மைதானத்தில் இறக்கிவிடாதீர்கள். அதன் கால்மிதி ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில் இருக்கும், முட்டினால் எதிராளியின் கணுக்காலில்தான் இடிக்கும். பின்னால் தாங்கும் குட்டிச் சக்கரம் பெரும்பாலும் இருக்காது, வேகமாகத் தள்ளினால் பிள்ளை மல்லாக்க விழும். சக்கரம் நேராக இருப்பதால் உரசும்போது விரல் மாட்டும். வருகிற வீரர்களின் ஆட்ட நாற்காலிகளையே கேட்டு வாங்குங்கள். அதற்கும் வழியில்லை என்றால், சென்னையில் இயங்கும் இந்திய வீல்சேர் கூடைப்பந்துக் கூட்டமைப்பிடம் உங்கள் மாவட்டத்து அணி எது என்று விசாரிக்கலாம்.

உட்கார வைப்பதற்கு முன் நகத்தை வெட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். மோதிரம், கைக்கயிறு, வளையல் எல்லாம் கழற்ற வேண்டும், சக்கரக் கம்பிகளில் சிக்கும். முதல் பத்து நிமிடம் பந்தே கொடுக்காதீர்கள். தள்ளுவது, நிறுத்துவது, திருப்புவது மட்டும். நிறுத்தும்போது கட்டைவிரலை உள்ளே விடாமல், வெளி வளையத்தை உள்ளங்கையால் அழுத்தச் சொல்லுங்கள். முட்டப் போகிறோம் என்று தெரிந்தால் கையைச் சக்கரத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், இதை நாலைந்து தடவை சும்மாவே செய்து பார்க்கட்டும். அப்புறம் இரண்டிரண்டு பேராக விடுங்கள்: ஒருவர் கோட்டிலிருந்து கோட்டுக்குப் போக வேண்டும், இன்னொருவர் கையால் தொடாமல் நாற்காலியால் மட்டும் வழிமறிக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் சுற்றி நின்று, ஒவ்வொரு மோதலுக்கும் ஃபவுல் யாருக்கு என்று கையைத் தூக்கிச் சொல்லட்டும். முதலில் எல்லாக் கையும் இடித்தவர் பக்கமே நீளும்.